லோ விஷன் சான்றிதழ், மேக்னிஃபையர், வெண்கோல்: வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கண்ணாடி போட்டும், ஆபரேஷன் செய்தும், மருந்து போட்டும் பார்வை இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு வீட்டில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். யாரோ சொல்லி ஊனச் சான்றிதழுக்கு அலைவார்கள், அது கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். சான்றிதழ் ஒரு பாதை, மிச்சமிருக்கும் பார்வையை வைத்துப் படிக்கவும் நடக்கவும் கற்றுக்கொள்வது இன்னொரு பாதை. இரண்டுக்கும் போக வேண்டிய இடமும் வேறு, அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் வேறு.

முதலில் சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மை, லோ விஷன் எனப்படும் குறைபார்வை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டு கண்ணில் எது நல்ல கண்ணோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதுவும் சரியான கண்ணாடி போட்ட பிறகு என்ன தெரிகிறது என்பதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் பழைய கண்ணாடியோடு போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை, முதலில் பவர் செக் பண்ணிவிட்டுப் போங்கள். கண்புரை மாதிரி ஆபரேஷனில் சரியாகக்கூடியது இருந்தால், அதை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

6/60 என்று எழுதியிருப்பார்களே, அதன் பொருள் இதுதான்: மற்றவர்கள் 60 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது. சுவரில் மாட்டிய அட்டையின் உச்சியில் தனியாக இருக்கும் பெரிய எழுத்து அதுதான். அதுவும் தெரியவில்லை என்றால் ஆளைக் கிட்டே வரச் சொல்லி, 3 மீட்டரில் தெரிந்தால் 3/60 என்று எழுதுவார்கள். நல்ல கண்ணில் 6/18 வரை தெரிந்தால், இன்னொரு கண் சுத்தமாகப் போயிருந்தாலும் 30 சதவீதம்தான் வரும். இது நிறையக் குடும்பங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு கண் மட்டும் போனவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் வீண் அலைச்சல் மிச்சம். இரண்டு கண்ணிலும் 6/24 முதல் 6/60 வரை இருந்தால் 40 சதவீதம். நல்ல கண் அந்த அளவில் இருந்து, மற்றக் கண் அதைவிட மோசம் என்றால் 50, 60 என்று ஏறும். நல்ல கண்ணே 3/60க்குக் கீழே போய்விட்டால் அது குறைபார்வை இல்லை, பார்வையின்மை, 90 சதவீதத்தில் ஆரம்பிக்கும்.

இனி சொல்லப்போவதுதான் அதிகம் பேருக்குத் தெரியாதது. எழுத்து அட்டை மட்டும் அளவுகோல் இல்லை, இந்தச் சதவீதங்களைக் கணக்கிடும் அட்டவணையில் சுற்றுப் பார்வைக்கும் இடம் இருக்கிறது. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில், மேலே, கீழே எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதுதான் அது, ஆஸ்பத்திரியில் ஃபீல்டு டெஸ்ட் என்பார்கள். ஒரு கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்தபடியே, எங்காவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

ஒரு உதாரணத்துக்கு, 38 வயதுக்காரர் ஒருவர், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் வீட்டில் மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்திருப்பார்கள், ஆனால் இது வைட்டமின் குறைவால் வருவதில்லை, பரம்பரையாக வருவது. இந்த நோயில் ஓரத்திலிருந்துதான் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், நடுப்பகுதி கடைசி வரை தாக்குப் பிடிக்கும். இவர் அட்டையில் 6/12 வரை கடகடவென்று படித்துவிடுவார். அதை மட்டும் பார்த்தால் அவருக்கு 0 சதவீதம். ஆனால் தெருவில் நடந்தால் நிறுத்தி வைத்த பைக்கில் இடிப்பார், வாசற்படியைத் தவறவிடுவார், எதிரில் வந்தவருக்கு வணக்கம் சொல்லவில்லை என்று கெட்ட பெயர் வாங்குவார். அவருக்கு ஃபீல்டு டெஸ்ட் எடுத்து, நல்ல கண்ணிலும் பார்வை 20 டிகிரிக்குள் சுருங்கி 10 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று வந்தால், அட்டவணையில் அவர் 70 சதவீத வரிசையில் உட்காருகிறார். 40க்கும் 20க்கும் இடையில் என்றால் 40 சதவீத வரிசை, 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை.

அதே ஆள்தான். ஒரு டெஸ்ட் எடுத்தால் 70, எடுக்காவிட்டால் பூஜ்யம். அதனால் இரவில் தடுமாற்றம், அடிக்கடி இடித்துக்கொள்வது, குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் முற்றியிருப்பது, பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கம் தெரியாமல் போவது, இதில் ஏதாவது இருந்தால் சான்றிதழ் முகாமில் அட்டையைப் படிக்கச் சொல்லி அனுப்பும்போது அப்படியே திரும்பி வராதீர்கள். ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டை முன்கூட்டியே எடுத்துக் கையில் கொண்டுபோங்கள், முகாம்களில் அந்த மெஷின் பெரும்பாலும் இருக்காது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து மேஜையில் வையுங்கள்.

விண்ணப்பிப்பது இப்போது swavlambancard.gov.in என்ற தளத்தில். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போட்டுப் பதிவு செய்து, எந்த அரசு மருத்துவமனையில் பரிசோதனை என்று தேர்ந்தெடுத்தால், சான்றிதழும் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிடும். செய்யத் தெரியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். அட்டையின் நிறத்திலேயே அளவு தெரியும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சதவீதம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய உரிமை இருக்கிறது. நோய் கூடிக்கொண்டே போகிற வகை என்றால், சில வருடம் கழித்துப் புது ரிப்போர்ட்டோடு மறுமதிப்பீடு கேட்கலாம்.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது. அப்புறம் போக வேண்டிய இடம் லோ விஷன் கிளினிக். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அங்கே நோயைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள், "உங்களுக்கு எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேட்பார்கள். போகும்போது அதற்குப் பதிலோடு போங்கள். பள்ளிப் பாடப்புத்தகம், மாத்திரை அட்டை, பேங்க் சலான், எதைப் படிக்கத் திணறுகிறாரோ அதையே பையில் போட்டு எடுத்துப் போனால் அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

இப்போது வேறொருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் பெண், ஸ்டார்கார்ட் என்ற நோய், இரண்டு கண்ணிலும் 6/60, நடுப்பார்வைதான் போயிருக்கிறது, ஓரம் நன்றாகத் தெரியும். இவளுக்கு 40 சதவீதம். படிக்கக் கஷ்டப்படுவாள், ஆனால் நடப்பதில் அவ்வளவு சிரமம் இருக்காது. 6/60 என்றால் சாதாரண அச்சு எழுத்துக்கு ஆரம்பக் கணக்கு 10 டயாப்டர் பவர் உள்ள லென்ஸ், அதாவது புத்தகத்தைக் கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும். குழந்தைகள் பலர் லென்ஸே இல்லாமல் இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்துவிடுவார்கள். "கண்ணு கெட்டுப்போயிடும், தள்ளி வை" என்று தயவுசெய்து அதட்டாதீர்கள், கிட்டத்தில் வைத்துப் படிப்பதால் அந்தக் கண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது.

பத்து பக்கம் படித்ததும் கழுத்து வலிக்கும், புத்தகத்தின் மேல் தன் நிழலே விழும். அங்கேதான் எலக்ட்ரானிக் மேக்னிஃபையர் கைகொடுக்கும். கையடக்கமான ஸ்க்ரீனும் பின்னால் கேமராவும், அவ்வளவுதான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கலாம், வெள்ளைத் தாளைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக மாற்றலாம். கண் கூசுகிறவர்களுக்குப் பெரிதாக்குவதைவிட இந்த நிற மாற்றம்தான் பெரிய உதவி. வாங்கும்முன் இரண்டு விஷயம் பாருங்கள்: பட்டன்கள் தடவிப் பார்த்தே புரிகிற மாதிரி இருக்கிறதா, அடியில் பேனா நுழைத்து எழுத இடம் விடுகிறதா. கரும்பலகைக்கு இது பெரும்பாலும் உதவாது, அதற்குக் கையில் பிடிக்கும் சின்னத் தொலைநோக்கியும் முதல் பெஞ்சும்தான். தேர்வில் சொல்வதை எழுதுபவரைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தானே எழுத வருகிற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் கேட்டு வாங்கலாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பிடியுங்கள்.

இதே மெஷினை அந்த 38 வயதுக்காரரிடம் கொடுத்தால் உபயோகப்படாது. அவருக்கு இருப்பதே குழாய் வழியாகப் பார்க்கிற அளவு இடம், எழுத்தைப் பெரிதாக்கினால் அதற்குள் இரண்டு எழுத்துதான் அடங்கும். அவருக்கு நல்ல வெளிச்சமும், நடக்க வெண்கோலும்தான் வேண்டும். "அதை எடுத்தா குருடுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்" என்று வீட்டில் தடுப்பவர்கள் அதிகம், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அவர் ஒருமுறை மூடாத சாக்கடையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பார்வை கொஞ்சம் இருப்பவர்களும் கோல் வைத்துக்கொள்ளலாம், இரவில் மட்டும்கூட எடுக்கலாம்.

கோலின் நீளம் நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை வர வேண்டும், வயதானவர்கள் ஊன்றி நடக்கும் தடி இது இல்லை. தோள் அகலத்தைவிடச் சற்றே அதிகமாக இடமும் வலமும் தட்டிக்கொண்டு போக வேண்டும், வலது காலை எடுத்து வைக்கும்போது கோல் நுனி இடப்பக்கம் தட்டும், இடது காலுக்கு வலப்பக்கம். அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னாடியே பார்த்துவிடுகிறது. இடுப்புக்கு மேலே இருப்பதை அது கண்டுபிடிக்காது, தாழ்ந்த கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு எல்லாம் முகத்தில்தான் படும், அதற்கு முன்பக்கம் விளிம்பு வைத்த தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, பயிற்சியாளர் வேண்டும். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசு நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

கருவிகளை இலவசமாக வாங்க ஏடிஐபி என்ற மத்திய அரசுத் திட்டம் உண்டு. 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும், மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழு விலையும், 30,000 வரை என்றால் பாதியும் அரசு தரும். ஆனால் ஒரு கருவி வாங்கினால் அதே தேவைக்கு அடுத்த மூன்று வருடம் கேட்க முடியாது, 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு வருடம். கருவி வழங்கும் முகாமில் கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், நீங்களும் வந்ததை வாங்கிக்கொண்டு வருவீர்கள், பிறகு அது பீரோவில் கிடக்கும், காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் லோ விஷன் கிளினிக்குக்கு முதலில் போய், எந்தக் கருவி, எத்தனை பவர், கோல் என்றால் எத்தனை அங்குலம் என்று மருத்துவச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி முகாமில் கேளுங்கள். அந்தக் கருவி அன்றைக்கு இல்லை என்றால் வேறொன்றுக்குக் கையெழுத்துப் போடாமல், அடுத்த முகாம் எப்போது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.