கட்டியின் ஓரத்தில் பூசிய மை

"அம்மாவுக்கு மார்பகக் கட்டியை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் பின்புற மார்ஜின் 1 மி.மீ. என்று இருக்கிறது. மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஊடுருவும் வகைப் புற்றுநோய், அளவு 1.8 செ.மீ., கிரேடு 2, இ.ஆர். 90%, பி.ஆர். 40%, ஹெர்-2 2+ என்பவை மற்ற விவரங்கள்.

முதலில் மார்ஜின், அதாவது வெட்டிய ஓரத்துக்கும் புற்றுக்கும் இடையே உள்ள தூரம். கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். எது மேல்பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரிய சர்ஜன் அதில் நூல் முடிச்சுகள் போட்டு அனுப்புவார். ஆய்வகத்தில் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு நிற மை பூசுவார்கள். அப்புறம்தான் பிரட் மாதிரி துண்டு போடுவது, மெழுகில் பதிப்பது, மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடியில் ஒட்டுவது எல்லாம். இத்தனைக்குப் பிறகும் மை அழியாது. மைக்ராஸ்கோப்பில் நிறமாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான் சர்ஜனின் கத்தி போன பாதை. நீல மை தெரிந்தால் இந்தப் பக்கம், பச்சை தெரிந்தால் அந்தப் பக்கம். இவ்வளவு எளிமையான ஒரு வேலை, இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமா என்பதையே தீர்மானிக்கிறது! மை சில நேரம் கொழுப்பின் வெடிப்புகளுக்குள் வழிந்து குழப்பும். அதைப் பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

ஊடுருவும் புற்றுநோயில், மையின் மேல் புற்றுச் செல் இல்லையென்றால் ஓரம் சுத்தம் என்பதே 2014-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். கதிர்வீச்சும் சேர்த்துத் தருகிறபோது, இன்னும் அகலமாக வெட்டுவதால் பொதுவாகக் கூடுதல் பலன் இல்லை. ஆகவே 1 மி.மீ. போதும். பால்குழாய்க்குள்ளேயே நிற்கும் ஆரம்பநிலைப் புற்று மட்டும் இருந்தால்தான் 2 மி.மீ. எதிர்பார்ப்பார்கள்.

கிரேடு என்பது ஸ்டேஜ் அல்ல. எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்வது ஸ்டேஜ். செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று சொல்வது கிரேடு. குழாய் அமைப்பு, உட்கருவின் தோற்றம், செல் பிரியும் வேகம் மூன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். இந்த அம்மாவுக்கு 3+2+1, அதாவது 6. கூட்டுத்தொகை 6, 7 என்றால் கிரேடு 2. செல் பிரிவுக்கு 1 மட்டுமே கிடைத்திருப்பது நல்ல சேதி. "கத்தி பட்டால் பரவும்" என்று பயமுறுத்தும் உறவினர்களுக்கும் இந்த வரியைக் காட்டலாம்: வேகத்தைச் சொல்வது செல்தான், கத்தியல்ல.

இ.ஆர். 90% என்றால் பத்தில் ஒன்பது புற்றுச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பி இருக்கிறது. பி.ஆர். என்பது அதுபோலவே புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு வாய்ப்பு நன்றாக உண்டு. ஹெர்-2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அதில் 2+ என்பது மட்டும் முடிவாகாத பதில். ஃபிஷ் என்ற சோதனையில் ஹெர்-2 மரபணுவின் நகல்களை நேரடியாக எண்ணிப் பார்த்த பிறகுதான் அதற்கான மருந்து வேண்டுமா என்று சொல்ல முடியும்.

திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவமும் ஏற்பி முடிவுகளைக் கெடுக்கலாம். எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் அதில் போய், குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். இல்லையென்றால் இருக்கும் ஏற்பியே இல்லாததுபோல் தெரியலாம். கிரேடு 1 கட்டியில் இ.ஆர். நெகட்டிவ் என்று வந்தால், வேறொரு மெழுகுக் கட்டையில் மறுசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.