ஒரே குலுக்கல் எண்ணா, பள்ளிக்கொரு எண்ணா?

ஒரு பள்ளியில் இருக்கும் இடங்களைவிட அதிகம் பேர் கேட்டால், குலுக்கலில் சிறிய எண் விழுந்த பிள்ளைக்கே முதலில் இடம். "எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே குலுக்கல் எண் என்றால், பெரிய எண் விழுந்த பிள்ளைக்கு எங்கு போனாலும் ஏமாற்றம்தானே? பள்ளிக்கொரு குலுக்கல் நடத்தினால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2015-இல் அப்படித்தான் செய்தது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள்.

அங்கே தொடக்கப் பள்ளி முடிக்கும் பிள்ளைகள், தாங்கள் விரும்பும் பள்ளிகளை வரிசையாக எழுதித் தருகிறார்கள். இடம் ஒதுக்கும் முறை 1962-இல் கேல், ஷாப்லி என்ற இருவர் வகுத்தது. எல்லோரும் முதலில் தங்கள் முதல் விருப்பத்துக்குப் போகிறார்கள். பள்ளி சிறிய எண்காரர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அவர்கள் அடுத்த பள்ளிக்குப் போய், அங்கே இருப்பவரைவிடச் சிறிய எண் வைத்திருந்தால் அவரை வெளியேற்றுகிறார்கள். யாரும் நகராத நிலை வந்ததும் இடங்கள் உறுதியாகின்றன.

தலா ஒரே ஒரு இடம் உள்ள மூன்று பள்ளிகளை வைத்துப் பார்ப்போம். அன்னாவும் கரெலும் கேட்பது வடக்கு, தெற்கு, மேற்கு என்ற வரிசையில். பிராம் கேட்பது தெற்கு, வடக்கு, மேற்கு. வடக்கின் குலுக்கலில் பிராம் 1, கரெல் 2, அன்னா 3. தெற்கில் அன்னா 1, பிராம் 2, கரெல் 3.

வடக்கில் கரெலிடம் தோற்ற அன்னா, தெற்குக்குப் போய் பிராமை வெளியேற்றுகிறாள். பிராம் வடக்குக்குப் போய் கரெலை வெளியேற்றுகிறான். தெற்கிலும் இடமில்லாத கரெல் மேற்கில் சேர்கிறான். முடிவில் அன்னா விரும்பிய இடம் பிராமிடம், பிராம் விரும்பிய இடம் அன்னாவிடம்!

மாற்றிக்கொள்ளலாமே என்றுதான் பெற்றோர் வழக்குப் போட்டார்கள், அனுமதி கிடைக்கவில்லை. கரெலைப் பாருங்கள். வடக்கின் காத்திருப்போர் பட்டியலில் அவன் முதல் ஆள், அன்னா அவனுக்குப் பின்னால். மாற்றிக்கொண்டால் அன்னா அவனைத் தாண்டி உள்ளே போகிறாள். அதோடு, மாற்ற அனுமதி உண்டு என்று தெரிந்தால், கைமாற்றுவதற்காகவே பிரபலமான பள்ளிகளை எழுதிவைக்கத் தோன்றும்.

2016-இல் ஆம்ஸ்டர்டாம் ஒரே எண்ணுக்கு மாறியது. எண் 1 உள்ள பிள்ளைக்கு முதல் விருப்பமே கிடைத்துவிடும். அது யாரோடும் மாற்ற வராது. எண் 2, மீதமிருப்பதில் தனக்குப் பிடித்ததை எடுக்கும். அதைவிடப் பிடித்தது எண் 1-இடம் மட்டுமே இருக்கக்கூடும். இப்படியே கடைசிவரை. மாற்றிக்கொள்ள விரும்பும் ஜோடி உருவாகவே வழியில்லை.

வாசகரின் கவலையும் உண்மைதான். ஒரே எண்ணில் முதல் விருப்பம் கிடைப்பவர்கள் கூடுகிறார்கள், ஆனால் பட்டியலின் அடிக்குத் தள்ளப்படுபவர்களும் கூடுகிறார்கள். ஆனாலும் என் வாக்கு ஒரே எண்ணுக்கே. இரண்டு பிள்ளைகள், ஒருவர் விரும்பிய பள்ளியில் மற்றவராக, ஏக்கத்தோடு உட்கார்ந்திருப்பதை எந்தப் பெற்றோரிடமும் நியாயம் என்று விளக்க முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அண்ணன், அக்கா படிக்கும் பள்ளியில் முன்னுரிமை என்ற விதி சேர்ந்தால், வரிசை மறுபடி பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. அப்போது ஒரே எண் இருந்தும் அன்னா, பிராம் போன்ற ஜோடிகள் தோன்றலாம்.