வேட்டைக்குப் போன சாமியும் புகார்ப் பொத்தானும்

சீவலப்பேரிப் பக்கம் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் என் மருமகன் ஒரு படம் எடுத்தான். நள்ளிரவு, கையில் வெட்டரிவாளும் தீப்பந்தமுமாகச் சாமியாடி. 'சாமி வேட்டைக்குக் கிளம்பிட்டு' என்று எழுதிச் சமூக வலைதளத்தில் போட்டான். காலையில் படம் இல்லை. 'வன்முறையைத் தூண்டுகிறது' என்று ஒரு வரி மட்டும் வந்திருந்தது.

"மாமா, யாரோ பத்துப் பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடிச்சிருக்கானுவ" என்றான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரிய தளங்கள் சொல்லும் விதிப்படி, தலைகளை எண்ணித் தூக்குவதில்லை. ஒரு புகாரே போதும், நூறு வந்தும் பதிவு நிற்கலாம். புகார் கொடுத்தவர் பெயரையும் பதிவிட்டவருக்குப் பொதுவாகக் காட்டுவதில்லை.

புகாரில் நாம் தொடும் காரணம்தான் முக்கியம். வன்முறை, ஆள்மாறாட்டம், மோசடி என்று எதைத் தொடுகிறோமோ, அந்த வரிசைக்குத்தான் புகார் போகும். உயிருக்கு ஆபத்து என்பது முன்னால் நிற்கும், 'ஸ்பேம்' பின்னால் நிற்கும். போலிக் கணக்கைப் பற்றிச் சொல்லும்போது ஸ்பேம் என்று தொட்டுவிட்டால், பார்ப்பவர் தேடுவதே வேறாகிவிடும். முதல் சல்லடை பெரும்பாலும் இயந்திரம். படத்தில் ஆயுதமா, எழுத்தில் மிரட்டலா என்று மதிப்பிட்டு, உறுதியாகத் தோன்றினால் அதுவே நீக்கும், சந்தேகமானால் மனிதரிடம் தள்ளும். அரிவாளும் 'வேட்டை'யும் சேர்ந்தால் அதற்கு என்ன தோன்றியிருக்கும்! கொடை என்றால் என்னவென்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவன் முதலில் மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்தினான். விளக்கம் எழுத அதில் இடமே இல்லை. சில மணி நேரத்தில் 'முடிவில் மாற்றமில்லை' என்று வந்தது. அதே படத்தை அதே விதியோடு ஒப்பிட்டால் அதே பதில்தானே வரும்.

சரி, அடுத்த படி குறைதீர் அதிகாரி. இந்தியாவில் இயங்கும் தளங்கள் இவரது பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதி. இங்கே எழுத முடியும் என்பதுதான் பெரிய வித்தியாசம். பதிவின் இணைப்பு, நீக்கிய தேதி, வந்த அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்தோம். அப்புறம் மூன்றே வரி: இது கோயில் சடங்கு; அரிவாள் சாமியின் ஆயுதம்; 'வேட்டை' என்பது சாமி நள்ளிரவில் ஊர் எல்லைக்குப் போய்வருவது, யாரையும் மிரட்டுவதல்ல. கூடவே கொடை நோட்டீஸையும் இணைத்தோம்.

அங்கேயும் மறுத்திருந்தால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு gac.gov.in வழியாகப் போயிருப்போம். 2023இல் வந்த ஏற்பாடு அது; எல்லாம் ஆன்லைனிலேயே நடக்கும்.

அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் படம் பழைய இடத்திலேயே திரும்பி வந்தது. அதற்குள் எட்டாம் நாள் கொடையும் முடிந்து, கோயில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.