முறுக்கு விற்கிறது, காசு ஏன் நிற்கவில்லை?

இந்த மாதம் நான் பார்க்கும் நான்காவது கணக்கு நோட்டு இது. நான்கிலும் ஒரே தப்பு. முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அக்கா கொண்டுவந்தார். "கிலோவுக்கு 35 ரூபாய் லாபம் வெச்சுத்தான் சார் விக்கிறேன். ஆனா கையில காசே நிக்கல" என்றார்.

மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 140 ரூபாய். அதில் 25 சதவீதம் சேர்த்து 175க்கு விற்கிறார். சரி, மற்ற செலவு? இரண்டு பேர் கூலி 24,000, வாடகை 7,000, கேஸ் 6,000, கவரும் லேபிளும் 3,000, ஆட்டோ 2,000. மாதம் 42,000 ரூபாய். விற்பது 600 கிலோ. அப்படியானால் கிலோவுக்கு 70 ரூபாய் மேற்செலவு. உண்மையான அடக்கம் 210. அவர் கிலோவுக்கு 35 ரூபாய் நஷ்டத்தில் விற்றுக்கொண்டிருந்தார், மாதம் 21,000 ரூபாய்.

இதைச் சொன்னதும், "அப்போ 175ஓட 70ஐச் சேர்த்து 245ன்னு வெச்சிடவா?" என்று கேட்டார். எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 245க்கு விற்றால் லாபம் 35 ரூபாய்தான். 210 ரூபாய் போட்டு 35 எடுத்தால் அது 16.67 சதவீதம், 25 அல்ல. கூலிக்கும் வாடகைக்கும் கொடுப்பது உங்கள் பணம் இல்லையா? அதற்கு லாபம் வேண்டாமா? முதலில் எல்லாச் செலவையும் அடக்கத்துக்குள் கொண்டுவாருங்கள், அப்புறம்தான் சதவீதம். 140 + 70 = 210. 210 × 1.25 = 262.50. இதுதான் அவர் விற்க வேண்டிய விலை. ஜிஎஸ்டி கட்டுபவர் என்றால் அந்த வரி இதற்கு மேல்தான் வரும். அதை லாபத்தில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. மொத்தச் செலவை வகுக்கும்போது, போட்ட கிலோவால் வகுக்காதீர்கள், விற்ற கிலோவால் வகுங்கள். 600 கிலோ போட்டு 30 கிலோ நொறுங்கித் திரும்பி வந்தால், 1,26,000 ரூபாயையும் மீதி 570 கிலோதான் சுமக்க வேண்டும். அடக்கம் 221 ஆகிவிடும், விற்கும் விலை 276ஐத் தொடும். அக்கா, உங்கள் கூலியையும் தயவுசெய்து எழுதுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்புமுன் நிற்பது நீங்கள்தானே. மேலே உள்ள கணக்கில் அது ஒரு ரூபாய்கூட இல்லை.

"262ன்னா கடைக்காரர் எடுக்க மாட்டாரே" என்றார். நியாயமான பயம். அதற்காக அடக்கத்தைக் குறைத்து எழுதினால் செலவு குறைந்துவிடாது. அதே இரண்டு பேர், அதே இடத்தில் 800 கிலோ போட்டு விற்க முடிந்தால், கூலியும் வாடகையும் சேர்ந்த 31,000 மாறாது. கிலோவுக்கு 52லிருந்து 39 ஆகக் குறையும். கேஸ், கவர், ஆட்டோ மட்டும் கிலோவுக்கு முன்போல 18 ரூபாய். அடக்கம் 197, விலை 246. அந்தக் கூடுதல் 200 கிலோவை வாங்க எந்தக் கடை இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.