அரை நிமிடத்தில் காணாமல் போகும் காலியிடங்கள்

கோவை கணபதியில் நான் வேலை பார்த்த வெப்பப் பதப்படுத்தும் பட்டறையில் ஒரு நாள் மதியம் ஹாய்ஸ்ட் சிக்கிக்கொண்டது. உலையிலிருந்து வெளியே எடுத்த கூடை, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கூடையில் இருந்தவை 2 மி.மீ. தகட்டில் செய்த 2024 ரக அலுமினியத் துண்டுகள். 495 டிகிரி செல்சியஸில் ஊறி வந்தவை. அவற்றை உடனே தண்ணீரில் இறக்கி, பிறகு சாதாரண அறை வெப்பத்தில் நான்கைந்து நாள் வைத்தால் தாமாகவே கெட்டிப்படும். ஹாய்ஸ்ட் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஏறக்குறைய அரை நிமிடம் போயிருந்தது.

"அரை நிமிடம்தானுங்க சார். இப்போது தொட்டாலும் கை பொசுங்கிவிடும்" என்றார் உலை பார்க்கும் அண்ணன். அவர் சொன்னது உண்மைதான். கூடையில் கட்டியிருந்த வெப்பமானி 400 டிகிரி காட்டியது. ஆனால் நான்காம் நாள் அந்தத் துண்டுகளின் கடினத்தன்மை பிரினெல் அளவில் 100-ஐத் தாண்டவில்லை. வழக்கமாக 120 அருகே நிற்கும். கையைச் சுடும் அந்த 400 டிகிரியில் என்ன தொலைந்துபோனது என்பதைத்தான் கணக்கோடு எழுதுகிறேன்.

உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று படித்திருப்போம். அந்த வரிசையில் அங்கங்கே ஓர் அணு இல்லாமல் இடம் காலியாகக் கிடக்கும். இது தயாரிப்புக் குறை இல்லை. ஓர் அணுவை உள்ளிருந்து எடுத்து மேற்பரப்பில் வைக்க ஆற்றல் செலவாகிறது. ஆனால் காலியிடங்களை எத்தனையோ விதமாகச் சிதறவிட முடியும் என்பதால் ஒழுங்கின்மை கூடுகிறது. செலவும் வரவும் சமமாகும் எண்ணிக்கைதான் அந்த வெப்பநிலைக்கு உரிய சமநிலை அளவு. எவ்வளவு சுத்தமான உலோகமானாலும், எவ்வளவு பொறுமையாக ஆற்றினாலும், அந்த அளவுக்குக் காலியிடம் இருந்தே தீரும்.

அலுமினியத்துக்கு இதை 1960-இல் சிம்மன்ஸ், பலுஃபி என்ற இருவர் நேரடியாக அளந்தார்கள். வழி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. கம்பியைச் சூடாக்கும்போது அதன் நீளம் எவ்வளவு கூடுகிறது என்று ஒரு பக்கம் அளந்தார்கள். அணுக்களின் இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று எக்ஸ் கதிரால் இன்னொரு பக்கம் அளந்தார்கள். உள்ளே காலியிடம் உண்டாக்கிவிட்டு வெளியே போன அணுக்கள் கம்பியைச் சற்றுக் கூடுதலாக நீட்டுகின்றன. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் பெருக்கினால் காலியிடத்தின் பங்கு கிடைத்துவிடும். உருகும் நிலையில் அது 0.00094, அதாவது ஆயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு ஒன்று காலி.

அந்த அளவீட்டை ஒட்டி நான் பயன்படுத்தும் சூத்திரம் இது:

```
c = 11 × e^(−0.76 / kT)
```

c என்பது காலியிடத்தின் பங்கு. 0.76 என்பது ஒரு காலியிடத்தை உண்டாக்க ஆகும் ஆற்றல், எலெக்ட்ரான் வோல்ட்டில். k என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, 8.617 × 10⁻⁵. T கெல்வினில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் 11, காலியிடத்தைச் சுற்றியுள்ள அணுக்களின் அதிர்வு மாறுவதால் வருகிறது.

உலையின் 495 டிகிரியை எடுத்துக்கொள்வோம். கெல்வினில் 768. kT = 0.0662. 0.76-ஐ அதனால் வகுத்தால் 11.48. e⁻¹¹·⁴⁸ ஏறத்தாழ 1.03 × 10⁻⁵. அதை 11-ஆல் பெருக்கினால் 1.13 × 10⁻⁴. சுமார் 8,800 இடங்களுக்கு ஒன்று காலி.

இப்போது பட்டறைத் தரையின் 30 டிகிரி. 303 கெல்வின், kT = 0.0261, வகுத்தால் 29.1. விடை 2.5 × 10⁻¹². நாற்பதாயிரம் கோடி இடங்களுக்கு ஒன்றுதான் காலி. கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டரை மடங்குதான் ஏறியது. காலியிடமோ நாலரைக் கோடி மடங்கு ஏறிவிட்டது.

அந்தரத்தில் நின்ற கூடையின் 400 டிகிரிக்கும் போட்டுப் பாருங்கள். 2.2 × 10⁻⁵ வரும். உலைக்குள் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

விரிதாளில் போட விரும்புகிறவர்கள் A1 கட்டத்தில் செல்சியஸைக் கொடுத்துவிட்டு இப்படி எழுதலாம்:

```
=11*EXP(-0.76/(8.617E-5*(A1+273)))
```

அந்த 273-ஐ விட்டுவிடுவதுதான் பயிற்சிக்கு வரும் தம்பிகள் அடிக்கடி செய்யும் தப்பு. 495-க்கு அப்போதும் 10⁻⁷ என்று நம்பும்படியான ஒரு விடை வந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. 30-ஐப் போட்டால் குட்டு வெளிப்படும்: 10⁻¹²⁷ என்று வரும். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தில் இருப்பதே 6 × 10²² அணுக்கள்தான்.

காலியிடம் எதற்காக வேண்டும்? காந்திபுரத்தில் காலை எட்டரை மணிக்கு டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டால்தான் நீங்கள் ஓர் அடி நகர முடியும். 2024 ரகத்தில் கரைந்திருக்கும் தாமிர அணுக்களும் அப்படித்தான். அவை ஒன்றுகூடிச் சிறு கூட்டங்களானால்தான் உலோகம் கெட்டிப்படும். கூட வேண்டுமானால் பக்கத்தில் காலியிடம் வர வேண்டும். சட்டென்று தண்ணீரில் இறக்கும்போது 495 டிகிரியின் காலியிடங்கள் வெளியேற நேரமில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அறை வெப்பத்தில் ஏஜிங் என்னும் இந்தக் கெட்டிப்படுதல் நடப்பதே இந்த உபரியின் தயவில்தான். உபரி அப்படியே இருக்கையில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் அணு நகர்வு, 30 டிகிரியின் சொந்தக் காலியிடங்களை மட்டும் நம்பினால் நாலரைக் கோடி மணி நேரம் பிடிக்கும். ஆண்டுக் கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேல்.

400 டிகிரியில் காலியிடங்கள் மிக வேகமாக ஓடும். படிக எல்லைகளையும் வரிசைப் பிசகுகளையும் எட்டி மறைய அவற்றுக்கு ஒரு வினாடிக்கும் குறைவான நேரம்கூடப் போதும். ஆகவே கூடை தொங்கிக்கொண்டிருந்தபோதே உபரி கரைந்துகொண்டிருந்தது. விமானத் துறை விதிகள் உலைக் கதவுக்கும் தண்ணீருக்கும் இடையே தடிமனைப் பொறுத்து 5 முதல் 15 வினாடிதான் கொடுக்கின்றன. மெல்லிய தகட்டுக்குக் குறைவான நேரம்.

ஆனால் பழியை முழுக்கக் காலியிடத்தின் மேல் போடுவதும் தவறு. அதே அரை நிமிடத்தில் தாமிரமும் கரைசலை விட்டுப் பெரிய துகள்களாக ஒதுங்கத் தொடங்கியிருக்கும். இரண்டையும் பிரித்தறிய மின்கடத்துதிறன் மீட்டர் உதவும். தாமிரம் ஒதுங்கியிருந்தால் கடத்துதிறன் நல்ல துண்டைவிடத் தெளிவாகக் கூடியிருக்கும். காலியிடம் மட்டும் குறைந்திருந்தால் அதில் பெரிய மாற்றம் தெரியாது. முதல் சில மணி நேரத்தில் கடினத்தன்மை ஏறும் வேகம்தான் மந்தமாக இருக்கும். எங்கள் துண்டுகளில் இரண்டுமே தெரிந்தன.

கணக்குக்கும் எல்லை உண்டு. மேலே உள்ள எண்கள் சுத்த அலுமினியத்துக்கு உரியவை. கலந்திருக்கும் அணுக்கள் காலியிடங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 2024 ரகத்தில் உண்மை அளவு மாறும். 0.76-க்குப் பதில் 0.67 என்றும், 11-க்குப் பதில் 2 என்றும் கொடுக்கும் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றைப் போட்டால் 495 டிகிரி விடை ஒன்றரை மடங்குக்குள்தான் விலகும். 30 டிகிரி விடையோ ஐந்தாறு மடங்கு மாறிவிடும். அளந்தது உருகுநிலையின் பக்கத்தில் என்பதால் கீழே போகப் போக அந்த எண்ணின் பத்தின் அடுக்கை மட்டும் நம்புங்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் "இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமே" என்றார். தொலைந்த காலியிடம் அலமாரியில் வைத்தால் திரும்பி வராது. ஒதுங்கிய தாமிரமும் மறுபடி கரையாது. கூடையைத் திரும்ப 495 டிகிரிக்கு ஏற்றினோம். இந்த முறை ஹாய்ஸ்ட் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள், நான் கடிகாரம் பிடித்தேன். ஏழு வினாடி.