அந்த 'அவர்' யார்?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"செயலாளர் பொருளாளரிடம் தண்ணீர் லாரி பில் பற்றிக் கேட்டார். அவர் போன மாதமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அலுவலகத்துக்கு வந்ததும் ரசீதைத் தேடியபோது அது அங்கே இல்லை. இது அவருக்குச் சங்கடமாகிவிட்டது."

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, சொல்ல வந்ததும் சின்ன விஷயம்தான். ஆனாலும் முடிக்கும்போது ரசீதைத் தேடியது யார், சங்கடப்பட்டது யார் என்று கேட்டால் தடுமாறுவோம்.

ஒரு 'அவர்' வந்ததும் மனது உடனே ஆள் தேடுகிறது. முந்தைய வாக்கியத்தின் எழுவாய்க்குத்தான் பெரும்பாலும் முதல் இடம், அதனால் இரண்டாவது வாக்கியத்தின் 'அவர்' செயலாளர் பக்கம் சாய்கிறது. ஆனால் 'கேட்டார்' என்றால் அடுத்து பதில் வரும், பதில் சொல்பவர் பொருளாளர். இப்படி வினைச்சொல்லே ஆளைச் சுட்டுவதை 1974-ல் கார்வி, காரமாஸா என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கில வாக்கியங்களில் காட்டினார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: "குமார் ரவியிடம் மன்னிப்புக் கேட்டான், ஏனென்றால் அவன்..." என்றால் அவன் குமார். "குமார் ரவியைப் பாராட்டினான், ஏனென்றால் அவன்..." என்றால் அவன் ரவி. இடமும் வினையும் ஒரே ஆளைக் காட்டினால் வாசிப்பு ஓடும், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கண் பின்னால் போய்த் திரும்ப வாசிக்கும்.

தமிழில் வழக்கமாக நம்மைக் காப்பாற்றுவது வினைமுற்றின் விகுதி. அண்ணனும் தங்கையும் பேசுகிற கதையில் 'சொன்னாள்' என்றாலே போதும், பெயரும் வேண்டாம், பிரதிபெயரும் வேண்டாம். ஆனால் மரியாதைக்கு 'சொன்னார்' என்று எழுதும்போது ஆணா பெண்ணா என்ற தகவல் போய்விடுகிறது. அலுவலகக் குறிப்பு, செய்தி, வாழ்க்கை வரலாறு என எல்லாரும் மரியாதைக்குரியவர்களாக இருக்கிற எழுத்தில் குழப்பம் அதிகமாக வருவதற்கு இதை முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன்.

அடுத்த இடம் இன்னும் நுணுக்கமானது. மூன்றாவது வாக்கியத்தில் ஆளே இல்லை, 'வந்ததும்', 'தேடியபோது' என்று மட்டும் இருக்கிறது. 'வந்து தேடினார்' என்று எழுதியிருந்தால் வந்தவரும் தேடியவரும் ஒருவரே என்று புரியும். 'செய்து' என்ற வாய்பாட்டு எச்சம் தன் வினையைச் செய்த எழுவாயைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது ('மழை பெய்து பயிர் விளைந்தது' போன்றவை விலக்கு). 'வந்ததும்', 'வந்தபோது' இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை: "அப்பா வந்ததும் நான் கிளம்பினேன்" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆகவே இந்த எச்சங்களுக்கு முன்னால் எழுவாயை விட்டுவிட்டால் வாசகருக்குப் பிடிமானம் எதுவும் மிஞ்சாது.

கடைசி வாக்கியத்தின் 'இது' ஒரு பொருளைச் சுட்டவில்லை, நடந்ததைச் சுட்டுகிறது. ரசீது இல்லாததா, கேள்வி கேட்டதா, தாமதமா? 'இது' என்று தொடங்கும் வாக்கியத்தில் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பேன்: இந்தத் தாமதம், இந்தக் கேள்வி, இந்த இழப்பு. எந்தப் பெயர்ச்சொல் என்று எழுதியவருக்கே சட்டென்று வரவில்லை என்றால் வாசகருக்கு வரவே வராது.

சரி, எல்லா இடத்திலும் பெயரையே போட்டுவிடலாமா? அதுவும் இடறும். 1993-ல் கார்டன், கிராஸ், கில்லியம் மூவரும் செய்த சோதனைகளில், தெளிவாக இருக்கிற எழுவாய்க்குப் பிரதிபெயர் போடாமல் பெயரையே திரும்பச் சொன்னால் வாசிப்பு மெதுவாவது தெரிந்தது. புதிதாக வேறு யாரோ வந்துவிட்டார் என்று மனது ஒரு கணம் நினைத்துவிடுவதுபோல. ஆகவே ஆள் மாறுகிற இடத்தில் பெயர், ஒரே ஆள் தொடர்கிற இடத்தில் 'அவர்' அல்லது ஒன்றுமே இல்லாமல் வெறும் வினை.

அப்படித் திருத்தினால்:

"தண்ணீர் லாரி பில் கட்டியாயிற்றா என்று செயலாளர் பொருளாளரிடம் கேட்டார். லாரிக்காரருக்குப் போன மாதமே பணம் கொடுத்துவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். செயலாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீதைத் தேடினார், கிடைக்கவில்லை. ரசீது இல்லாமல் போனது பொருளாளருக்குச் சங்கடமாகிவிட்டது."

முதல் வாக்கியத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆள் மாறுகிறது, அங்கெல்லாம் பெயர் வந்துவிட்டது. 'கிடைக்கவில்லை' என்பதற்கு எதுவும் தேவைப்படவில்லை.

எழுதியவருக்கு இந்தக் குழப்பம் தெரியாமல் போவதற்குக் காரணம் எளிது, அவர் மனதில் ஆட்கள் ஏற்கெனவே நிற்கிறார்கள். அதனால் நான் முதல் வாசிப்பில் அர்த்தத்தைப் பார்ப்பதில்லை. அவர், அது, இது, தன் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு, எழுவாய் இல்லாத வினைகளுக்குக் கீழே கோடு போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அது சுட்டும் பெயருக்கு ஒரு கோடு இழுப்பேன். கோடு இரண்டு பெயர்களுக்குப் போக முடிந்தாலோ, வழியில் மரியாதைக்குரிய இன்னொருவரைத் தாண்டிப் போனாலோ அங்கே திருத்தம் வேண்டும். அப்புறம் சம்பவம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் தேடினது யாரு?" என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்லுமுன் அவர் மேலே ஏறி வாசித்தால், எந்த வரிக்கு ஏறினார் என்று பார்த்துக்கொள்வேன்.