ஒதுக்கிவைத்த பங்கு ஏன் அதிக லாபம் தரக்கூடும்?

சிகரெட், மது, சூதாட்டம், ஆயுதம் இவற்றில் என் பணம் போகக் கூடாது, அதனால் அறநெறி ஃபண்ட் ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன், அதில் லாபம் குறையுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொஞ்சம் குறையலாம் என்பதுதான் நேர்மையான பதில். ஏன் குறையும் என்பதற்கான காரணம் மிக அழகானது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில், இந்த ஃபண்டுகள் எதை விலக்குகின்றன? பெரும்பாலும் ஒரு கம்பெனியின் வருமானத்தில் எத்தனை சதவீதம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று பார்த்துக் கோடு கிழிக்கிறார்கள். அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் சிக்கல். நார்வே அரசின் ஓய்வூதிய நிதி இதற்கு நல்ல உதாரணம். புகையிலை தயாரிப்பவர்களை அது 2010 முதல் முழுதாக விலக்கிவிட்டது. நிலக்கரிக்கு 2016-ல் வைத்த கோடு, வருமானத்தில் 30 சதவீதம். ஆனால் மலையளவு நிலக்கரி வெட்டும் ஒரு பெரிய சுரங்கக் கம்பெனி செம்பும் இன்னும் பலவும் விற்கும். அதனால் நிலக்கரியின் பங்கு 30-ஐத் தொடாமலே இருந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்க, எத்தனை டன் வெட்டுகிறார்கள் என்ற வரம்பையும் 2019-ல் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே கிளென்கோர், ஆங்கிலோ அமெரிக்கன் போன்ற பெரிய பெயர்கள் வெளியே போயின.

இன்னொரு வகை ஃபண்ட் பெரும்பாலான தொழில்களை முழுதாக விலக்காது. ஒவ்வொரு தொழிலிலும் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, முன்னால் நிற்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். இ.எஸ்.ஜி. என்பது இந்த மூன்றின் ஆங்கிலச் சுருக்கம். இதில் எண்ணெய்க் கம்பெனி எண்ணெய்க் கம்பெனிகளோடுதான் போட்டி போடுகிறது. எஸ் அண்ட் பி 500 என்பது அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடு. 2022 மே மாதம் அதன் இ.எஸ்.ஜி. வடிவத்திலிருந்து மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா நீக்கப்பட்டு, எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான் மொபில் அதில் தொடர்ந்தது இப்படித்தான். முறை தெரிந்தால் குழப்பம் இல்லை. ஆனால் எண்ணெய் வேண்டாம் என்று நினைத்துச் சேர்ந்தவர் இதைப் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அந்த உணர்வில் தப்பே இல்லை என்பது என் கருத்து.

சரி, லாபத்துக்கு வருவோம். ஒரு சிகரெட் கம்பெனியின் பங்கு விலை 100, அது ஆண்டுக்கு 8 டிவிடெண்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, லாபம் வளரவும் இல்லை, குறையவும் இல்லை. வாங்குபவருக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைக்கிறது. இப்போது பெரிய பெரிய நிதிகள் எல்லாம் மனசாட்சிப்படி இந்தப் பங்கை விற்கின்றன. வாங்க ஆள் குறைந்ததால் விலை 80-க்கு இறங்குகிறது. ஆனால் சிகரெட் விற்பனை அப்படியேதான் இருக்கிறது, டிவிடெண்டும் அதே 8. இனிமேல் வாங்குகிறவருக்கு 80-க்கு 8, அதாவது 10 சதவீதம். ஒதுக்கியதால் அந்தப் பங்கு ஒதுக்காதவருக்கு இனி அதிகம் தரும் பங்காகிவிட்டது.

இதே கணக்கைக் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். விலை 100-லிருந்து 80-க்கு இறங்கிய அந்த ஒரு கட்டத்தில், விற்று வெளியேறியவர் ஜெயித்தவராகத் தெரிவார். வைத்திருந்தவருக்கு 20 நஷ்டம். இறக்கம் நின்ற பிறகு நிலைமை தலைகீழ். ஆக, அறநெறி ஃபண்டுகளுக்கு ஆதரவு பெருகிக்கொண்டிருக்கும்போது அவை நன்றாக ஓடும், பெருகி முடிந்த பிறகு பின்தங்கும். பாஸ்டர், ஸ்டாம்பா, டெய்லர் என்ற மூன்று நிதியியல் ஆய்வாளர்கள் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். 2010-களில் பசுமைப் பங்குகள், அதாவது சுற்றுச்சூழலைக் குறைவாகக் கெடுக்கும் கம்பெனிகளின் பங்குகள், கண்ட ஏற்றத்தைப் பார்த்து, இனியும் அப்படித்தான் ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவர்கள் முடிவு. கடந்த கால லாபத்தைக் காட்டி ‘ராசியான ஃபண்ட்’ என்று விற்கும் விளம்பரங்கள் எனக்கு எரிச்சல் தருவது இதனால்தான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? ஜெர்மனி அரசு ஒரு கச்சிதமான சோதனையை நமக்குச் செய்து வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் அது தன் முதல் பசுமைக் கடன் பத்திரத்தை வெளியிட்டது. அதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு: அதே அரசின் சாதாரணப் பத்திரம், அதே முதிர்வுத் தேதி. 2030 ஆகஸ்ட் 15 அன்று இரண்டும் திருப்பித் தருவது ஒரே தொகை, இடையில் வட்டி எதுவும் கிடையாது. கடனாளி ஒருவர்தான் என்பதால் ஆபத்தும் ஒன்றுதான். பசுமைப் பத்திரத்தின் பணம் சுற்றுச்சூழல் செலவுகளுக்கு என்று கணக்குக் காட்டப்படும், முக்கிய வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு மக்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். அதனால் கிடைத்த ஆதாயம் ஒரு சதவீதத்தின் நூறில் சில பங்கு குறைந்தது. மனசாட்சியின் விலை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் அளக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட பத்திரங்களை இன்னும் பல அரசுகள் இரட்டையாக வெளியிட்டால் ஆராய்ச்சிக்குப் பெரிய கொடையாக இருக்கும்.

பங்குகளில் இவ்வளவு சுத்தமாக அளக்க முடியாது. மது, புகையிலை, சூதாட்டப் பங்குகள் ஒப்பிடத்தக்க மற்ற பங்குகளைவிட அதிகம் தந்தன என்று ஹாங், கட்ஸ்பெர்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். அந்தக் கம்பெனிகள் அதிக லாபம் பார்ப்பவை, வீண் விரிவாக்கம் செய்யாதவை, அந்தக் குணங்களைக் கழித்துப் பார்த்தால் ‘பாவத்துக்கு’ என்று தனிக் கூலி எதுவும் மிஞ்சவில்லை என்று பிளிட்ஸ், ஃபபோஸி என்ற வேறு இருவர் 2017-ல் மறுத்தார்கள். எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகத் தெரிகிறது.

அப்புறம், ஓராண்டில் நீங்கள் பார்க்கப்போகும் வித்தியாசம் இந்தச் சிறு விலையால் வராது. எந்தத் துறை இல்லை என்பதால்தான் வரும். எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் 2020-ன் தொடக்கத்தில் எரிசக்தித் துறையின் பங்கு சுமார் 4.3 சதவீதம். அந்த ஆண்டு டிவிடெண்டையும் சேர்த்து, துறை ஏறக்குறைய 34 சதவீதம் விழுந்தது, குறியீடு 18.4 ஏறியது. அந்தத் துறையை மட்டும் கழற்றிவிட்டு மீதியைக் கணக்கிட்டால் 20.7 வருகிறது. அதாவது விலக்கியவருக்கு 2.3 கூடுதல். 2022-ன் தொடக்கத்தில் அதே துறையின் பங்கு 2.7 சதவீதம்தான், ஆனால் அந்த ஆண்டு அது சுமார் 66 சதவீதம் ஏறியது. குறியீடு 18.1 இறங்கியது. துறையைக் கழற்றினால் இறக்கம் 20.4. இப்போது விலக்கியவருக்கு 2.3 குறைவு. ஒரு முறை வந்தது, மறு முறை அப்படியே போய்விட்டது.

நிச்சயமாகப் போகும் பணம் கட்டணம் மட்டுமே. ஈ.டி.எஃப். என்பது பங்குபோலச் சந்தையிலேயே வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். 2024 நிலவரப்படி, வேன்கார்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின், அந்நாட்டு மொத்தச் சந்தையையும் வாங்கும் ஈ.டி.எஃப். ஆண்டுக்கு 0.03 சதவீதம் எடுத்தது, அதே நிறுவனத்தின் அமெரிக்கப் பங்கு இ.எஸ்.ஜி. ஈ.டி.எஃப். 0.09. வித்தியாசம் 10,000-க்கு 6. முப்பது ஆண்டு ஓடினாலும் முடிவில் சேரும் தொகையில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கரையும். ஆனால் மேலாளர் ஒருவர் பங்கு பொறுக்கும் ஃபண்டில் வித்தியாசம் 0.75 சதவீதமாக இருந்தால், அதே முப்பது ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

அந்த வாசகருக்கு என் யோசனை இதுதான். ஃபண்டின் பெயரைப் பார்க்காதீர்கள், அது வெளியிடும் பங்குப் பட்டியலை இறக்கிச் சாதாரணக் குறியீட்டு ஃபண்டின் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் வேண்டாம் என்று நினைத்த கம்பெனிகளைப் பெயர் சொல்லித் தேடுங்கள். அவை அங்கேயே இருந்து, கட்டணம் மட்டும் பல மடங்காக இருந்தால், அதில் சேர வேண்டாம்.